சொல்லாமல் விட்டதும் படத்தில் வரும்

'இஸ்திரி போடும் ஒருவர்' என்று மூன்று சொற்களை ஒரு ஏஐ படக் கருவியிடம் தட்டச்சு செய்தால் சில நொடிகளில் படம் வந்துவிடும். பெரும்பாலும் அதில் வெள்ளைச் சுவர் உள்ள அறை இருக்கும், கால் வைத்த இஸ்திரி மேசை இருக்கும், ஒயர் தொங்கும் மின்சார இஸ்திரிப்பெட்டி இருக்கும். நாம் மனதில் வைத்திருந்ததோ தெருமுனைத் தள்ளுவண்டியும் கரிப்பெட்டியும். கருவிக்கு நம் தெரு தெரியாது என்று கோபப்படுகிறோம். ஆனால் அந்த மூன்று சொற்களில் தெருவும் இல்லை, வண்டியும் இல்லை, கரியும் இல்லை.

இந்தக் கருவிகள் பழகியது இணையத்தில் கிடைத்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த குறிப்புகளையும் வைத்து. எந்தச் சொல்லோடு எந்தக் காட்சி அடிக்கடி சேர்ந்து வந்தது என்பதே அவற்றின் அறிவு. நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அவை காலியாக விடுவதில்லை. அதிகம் பார்த்ததை எடுத்து நிரப்பிவிடுகின்றன. கருவிக்கு நாம் எழுதித் தரும் வரிகளைப் பிராம்ப்ட் என்கிறோம். பொருள், களம், பாணி, ஒளி, கட்டுப்பாடு என்று அதை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொன்றும், கருவி தானாக எடுக்கப்போகும் ஒரு முடிவை நாம் எடுத்துக்கொள்ளும் இடம். அதே இஸ்திரிக்காரரை வைத்து ஐந்தையும் பார்க்கலாம்.

முதலில் பொருள். படத்தில் யார் அல்லது எது இருக்கிறது, என்ன செய்கிறது என்பது. 'ஒருவர்' என்று விட்டால் வயது, உடை, ஆணா பெண்ணா எல்லாமே கருவியின் விருப்பம். 'அறுபது வயதுப் பெரியவர், மடித்துக் கட்டிய லுங்கி, வெள்ளைப் பனியன், நீலச் சட்டை ஒன்றைத் தேய்க்கிறார்' என்றால் மனிதர் வந்துவிடுவார். சிக்கல் கையில் இருக்கும் பெட்டியில்தான். 'கரி இஸ்திரிப்பெட்டி' என்று எழுதினாலும் பல கருவிகள் மின்சாரப் பெட்டியையே வரைந்து, பக்கத்தில் நாலு கரித்துண்டைப் போட்டுவிடும். அந்தப் பெயரோடு அது பார்த்த படங்கள் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்ல வேண்டும்: 'கனமான பித்தளைப் பெட்டி, மேலே திறக்கும் மூடி, மரக் கைப்பிடி, பக்கத்துத் துளைகள் வழியே தெரியும் சிவந்த கரித்தணல், ஒயர் இல்லை'. கடைசியில் வரும் அந்த 'இல்லை' ஒரு தொல்லை. கட்டுப்பாட்டுக்கு வரும்போது பார்ப்போம். அம்மிக்கல், அரிவாள்மனை, பனையோலைக் கொட்டான் என்று நம் ஊர்ப் பொருள் எதற்கும் இதே வழிதான்.

களம் என்பது இடமும் நேரமும் சுற்றுப்புறமும். இதில் சொல்ல அதிகமில்லை. இரண்டு மூன்று பொருள்கள் போதும்: வேப்பமரத்தடி, மரத் தள்ளுவண்டி, பின்னால் சுண்ணாம்பு அடித்த மதில் சுவர். டீக்கடை, ஆட்டோ, கோயில் கோபுரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அடுக்கினால் கருவி எல்லாவற்றையும் கொண்டுவர முயன்று பெரியவரைச் சின்னதாக்கிவிடும். எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாணி என்றால் படம் எந்த ஊடகத்தில் இருக்க வேண்டும் என்பது. புகைப்படமா, நீர்வண்ணமா, கோட்டோவியமா, மரச்செதுக்கு அச்சா? புதியவர்கள் 'அழகான', 'பிரமாதமான', '4K' என்று எழுதி இந்த இடத்தை நிரப்புகிறார்கள். 'அழகான' என்ற சொல்லுக்குக் கருவியிடம் இருப்பது விளம்பரப் படங்களின் பளபளப்பு. பெரியவரின் முகச் சுருக்கங்கள்தான் அதில் முதலில் காணாமல் போகும்.

பாணிச் சொல் தனியாக வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் இஸ்திரிக்காரரைத் 'தஞ்சாவூர் ஓவியப் பாணியில்' கேட்டுப் பாருங்கள். அவர் கழுத்தில் நகை ஏறும், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரும், தள்ளுவண்டிக்கு மேல் தங்கத் தோரண வளைவு முளைக்கும். தஞ்சாவூர் ஓவியம் என்ற பெயரில் கருவி பார்த்தவை பெரும்பாலும் தங்க ரேக்கு ஒட்டிய தெய்வப் படங்கள். பாணியைக் கேட்டால் அந்தப் பாணியின் வழக்கமான பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அது வேண்டாம் என்றால் பாணியின் குணங்களைப் பிரித்துச் சொல்லலாம்: தட்டையான அடர்நிறங்கள், கருமையான வெளிக்கோடு, புடைத்த தங்க ஓரம்.

வாழும் ஓவியரின் பெயரைப் பாணியாகப் போடும் வழக்கமும் இருக்கிறது. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை 2022இல் உலகெங்கும் பிராம்ப்ட்டுகளில் போட்டார்கள். அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். ஒருவர் ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கமாக்கியதை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பது சரியில்லை என்பது என் கட்சி. ஊடகத்தையும் கோட்டையும் நிறத்தையும் சொன்னாலே வேண்டிய படம் கிடைத்துவிடுகிறது.

நம் எடுத்துக்காட்டுக்குப் புகைப்படத்தையே எடுத்துக்கொள்வோம்: 'ஆவணப்படப் பாணிப் புகைப்படம், இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தது, இடுப்புக்கு மேல் தெரியும் சட்டகம்'.

ஐந்தில் புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவது ஒளியை. படத்தை அதிகம் மாற்றுவதும் அதுதான். ஒளியைப் பற்றிச் சொல்ல மூன்று செய்திகள் உண்டு. எங்கிருந்து வருகிறது, கூர்மையானதா மென்மையானதா, என்ன நிறம். உச்சி வெயில் கூர்மையான ஒளி. நிழல் குட்டையாகவும் கருப்பாகவும் விழும். கண் குழிகள் இருண்டுபோகும். மேகம் மூடிய வானமோ ஜன்னல் திரை வழி வரும் வெளிச்சமோ மென்மையானது. நிழலின் விளிம்பு கரைந்திருக்கும், முகம் சீராகத் தெரியும். காலை, மாலை வெயில் தாழ்வாகவும் மஞ்சளாகவும் வரும்.

திசையின் வேலையை நம் படத்திலேயே பார்க்கலாம். ஈரம் தெளித்த சட்டையில் சூடான பெட்டி போகும்போது ஆவி எழும். சூரியன் படமெடுப்பவரின் முதுகுப் பக்கம் இருந்தால் அந்த ஆவி வெளுத்த மதிலோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. சூரியன் பெரியவருக்குப் பின்னால் இடப்பக்கம் தாழ்வாக இருந்தால் ஆவியின் ஒவ்வொரு சுருளும் ஒளிரும். தோளிலும் நரைமுடியிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். இதைப் பின்னொளி என்பார்கள். 'ஆவி பறக்கிறது' என்று நான்கு முறை எழுதுவதைவிட, 'பின்னால் இடப்பக்கத்திலிருந்து தாழ்வான காலை வெயில், நிழலில் இருக்கும் மதில் முன் ஒளிரும் ஆவி' என்று ஒருமுறை எழுதுவது மேல்.

ஒளி தவறினால் கண்டுபிடிக்கும் வழி எளிது. நிழல்களைப் பாருங்கள். களத்தில் 'நடுப்பகல்' என்றும் ஒளியில் 'தாழ்வான பொன்வெயில்' என்றும் எழுதியிருந்தால் கருவி சண்டை போடாது, இரண்டையும் கலந்துவிடும். வண்டியின் நிழல் நீளமாகவும் பெரியவரின் நிழல் காலடியிலும் கிடக்கும். அது கருவியின் பிழை என்பதைவிட நம் வரிகளுக்குள் இருந்த முரண் என்பதே சரி.

இனி கட்டுப்பாடு. படம் எதற்குள் அடங்க வேண்டும் என்பது: அளவு விகிதம், எத்தனை பேர், எந்தப் பக்கம் காலியிடம், எது வரக்கூடாது. முதல் மூன்றிலும் பெரிய தொல்லை இல்லை. 'நெடுக்கு வாக்கில் 4:5, ஒரே ஒருவர், தலைப்பு வைக்க மேலே காலியிடம்' என்றால் ஓரளவு கேட்கும். தொல்லை 'வரக்கூடாது' என்பதில்.

படத்துக்குக் குறிப்பு எழுதுபவர்கள் அதில் இருப்பதைத்தான் எழுதுவார்கள். 'குடை இல்லாத மனிதர்' என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் குடை என்ற சொல்லைப் பார்த்ததும் கருவிக்குக் குடை நினைவுக்கு வருகிறது. 'இல்லை' என்பது வலுவில்லாமல் போய்விடுகிறது. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகளில் இது தெளிவாகத் தெரியும். உரையாடல் வழி இயங்கும் புதிய கருவிகள் மறுப்பை ஓரளவு புரிந்துகொள்கின்றன. ஆனாலும் 'ஒயர் இல்லை' என்று எழுதிய படத்தில் ஒயர் தொங்குவதை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு வழி இரண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டி உண்டு. மிட்ஜர்னியில் பிராம்ப்ட்டின் கடைசியில் இப்படிச் சேர்ப்பார்கள்:

```
--no wire, umbrella --ar 4:5
```

இந்த வசதி இல்லாத இடத்தில், வேண்டாததைச் சொல்லாமல் அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். 'பின்னால் யாரும் இருக்கக்கூடாது' என்பதற்குப் பதில் 'பின்னால் வெறும் மதில் சுவர் மட்டும்'. 'ஒயர் இல்லை' என்பதற்குப் பதில் 'கரித்தணலால் சூடேறும் பெட்டி'. கடைப் பலகையும் அப்படித்தான். தமிழ் எழுத்தைப் பல கருவிகள் சிதைத்தே வரைகின்றன. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடக்கும். வெற்றுப் பலகை கேட்டு வாங்கி, எழுத்தைப் பிறகு வேறு மென்பொருளில் போடுவதே நல்லது.

எல்லாம் சேர்ந்தால் நம் பிராம்ப்ட் இப்படி வரும்:

'அறுபது வயதுப் பெரியவர், மடித்துக் கட்டிய லுங்கி, வெள்ளைப் பனியன். மரக் கைப்பிடியும் திறக்கும் மூடியும் கொண்ட, கரித்தணலால் சூடேறும் பித்தளைப் பெட்டியால் நீலச் சட்டையைத் தேய்க்கிறார். வேப்பமரத்தடியில் மரத் தள்ளுவண்டி, பின்னால் வெறும் மதில் சுவர் மட்டும். ஆவணப்படப் பாணிப் புகைப்படம், இடுப்பு உயரக் கோணம், இடுப்புக்கு மேல் தெரியும் சட்டகம். பின்னால் இடப்பக்கத்திலிருந்து தாழ்வான காலை வெயில், நிழலில் இருக்கும் மதில் முன் ஒளிரும் ஆவி. ஒரே ஒருவர், நெடுக்கு வாக்கில் 4:5, மேலே காலியிடம்.'

முக்கியமானது முதலில் வருவதைக் கவனியுங்கள். பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒரு நேரத்தில் 75 சொல்துண்டுகளைத்தான் படிக்கும். தமிழ்ச் சொல் ஒன்றே பல துண்டுகளாக உடைவதால், தமிழில் எழுதினால் பாதி வழியிலேயே இடம் தீர்ந்துவிடும். அங்கே ஆங்கிலத்தில் எழுதுவதைத் தவிர வழியில்லை. உரையாடல் கருவிகளில் தமிழே போதும்.

முதல் படம் சரியாக வராவிட்டால் முழுவதையும் அழித்து எழுதாதீர்கள். பல கருவிகளில் 'சீட்' என்று ஓர் எண் உண்டு. படம் எந்தத் தற்செயல் புள்ளிக் குவியலிலிருந்து தொடங்குகிறது என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. அதை மாற்றாமல் வைத்து, ஐந்து கூறுகளில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கேளுங்கள். மாறியது எதனால் என்று அப்போதுதான் தெரியும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒளி வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.