எழுபத்தைந்து சென்னில் ஒளியும் பிழை

கம்போங் மேடானில், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஓர் உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவதால் 6 சதவீதச் சேவை வரி போடுகிறார்கள். ஒருவர் தோசை, வடை, தே தாரிக் மூன்றும் வாங்குகிறார். ஒவ்வொன்றும் 2.40 ரிங்கிட்.

வரியை வரிசைக்கு வரிசை கணக்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 14.4 சென், அதாவது 14 சென். மூன்றுக்கும் 42 சென். மொத்தம் 7.62. மூன்றையும் கூட்டிவிட்டு வரி போட்டால் 7.20க்கு 43.2 சென், அதாவது 43 சென். மொத்தம் 7.63. ஒரு சென்தானே என்று விட முடியாது. ஒரு சென் நாணயத்தை ஒதுக்கிவிட்டு, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றும் முறையை மலேசியா கொண்டுவந்தது. அதன்படி முதல் பில்லுக்கு வாடிக்கையாளர் 7.60 தருவார், இரண்டாவதற்கு 7.65. ஒரு சென் வித்தியாசம் ஐந்து சென்னாகிவிடுகிறது.

இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழை கிடையாது. எந்த இடத்தில் வட்டமாக்குவது என்று யாரோ முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவு மென்பொருளின் ஏதோ ஒரு வரியில் புதைந்துகிடக்கும். அதை வெளியே எடுத்து எழுதிவைப்பதுதான் யூனிட் டெஸ்ட். நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே இயக்கி, வந்த விடை முன்பே எழுதிவைத்த விடையோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் இன்னொரு சிறு நிரல் அது. எழுதிவைக்கும் விடையைக் கையால் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். டெஸ்டுக்குள்ளும் அதே வாய்பாட்டை எழுதினால், தவறு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், டெஸ்டும் பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும்.

ஐந்து சென் விதியைச் சோதிப்பது எளிது. கடைசி இலக்கம் பத்துதான், பத்தையும் எழுதிவிடலாம். 1, 2 கீழே போகும். 3, 4 ஐந்தாகும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 அடுத்த பத்துக்கு ஏறும். சரிபாதி என்ற சங்கடமே இங்கே வராது, ஏனென்றால் இரண்டரை சென்னில் முடியும் பில் கிடையாது. இந்த விதி மொத்தத்துக்கு மட்டும்தான், தனித்தனிப் பொருளுக்கு அல்ல. அதனால் பில்லில் இதற்கென்று தனி வரிசை இருக்க வேண்டும். விற்பனைத் தொகையையோ வரியையோ இது தொடக்கூடாது.

சங்கடம் வரி கணக்கில்தான். பைத்தானின் `Decimal`, நாம் எதுவும் சொல்லாவிட்டால், `ROUND_HALF_EVEN` முறையைப் பிடித்துக்கொள்ளும்: சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். பள்ளியில் நாம் படித்தது பாதி என்றால் மேலே, அதாவது `ROUND_HALF_UP`. இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று தேடிப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரியும்.

2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 சதவீதம். உணவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் 6 நீடிக்கிறது. 8 சதவீதத்தில் சரிபாதியே வராது. சென் கணக்கிலுள்ள எந்த முழுத் தொகையை எட்டால் பெருக்கினாலும் விடை நான்கால் வகுபடும். நூறால் வகுத்து மீதி ஐம்பது வர வழியில்லை. 6 சதவீதத்தில் 25 சென்னிலோ 75 சென்னிலோ முடியும் தொகைக்கு மட்டும் வரும். அதிலும் 25இல் முடிந்தால் இரு முறைகளும் ஒரே விடை தரும்: 0.25க்கு வரி ஒன்றரை சென், இரட்டைப்படைக்குப் போனாலும் மேலே போனாலும் இரண்டுதான். 75இல் முடியும் தொகைக்கு மட்டுமே விடை பிரியும். 10.75க்கு வரி 64.5 சென், ஒரு முறை 64 என்கிறது, மற்றது 65 என்கிறது.

நூறு வகை முடிவுகளில் ஒன்றே ஒன்று! டெஸ்ட் எழுதுபவர் 100, 50, 19.90 என்று வாய்க்கு வந்த தொகைகளைப் போட்டால் எல்லாம் பச்சையாகவே இருக்கும். 21.50க்குப் பாதி விலைத் தள்ளுபடி கொடுத்த நாளில்தான் 10.75 பிறக்கும்.

```python
from decimal import Decimal as D

def test_food_tax_at_exact_half():
    assert tax(D("10.75"), D("0.06")) == D("0.65")
```

பாதி மேலே போகட்டும் என்று கடையின் கணக்காளர் சொன்னதாகக் கொண்டு எழுதியது இது. டெஸ்ட் உண்மையிலேயே காவல் காக்கிறதா என்று அறிய, நிரலில் `ROUND_HALF_UP` என்பதை வேண்டுமென்றே `ROUND_HALF_EVEN` என்று மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் சிவக்காவிட்டால் அந்த விதிக்குக் காவலே இல்லை. இதே காரணத்தால் வரி விகிதத்துக்கும் 2024 பிப்ரவரி 29, மார்ச் 1 என்று இரு தேதிகளில் டெஸ்ட் வேண்டும். பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது புது விகிதம் ஏறிவிடக் கூடாது.

இரு விகிதங்கள் ஒரே பில்லில் சேர்ந்தால் தள்ளுபடி தலைவலி தரும். ஒரு தங்கும் விடுதியில் இரண்டு அறைகள், தலா 50 ரிங்கிட், 8 சதவீதம். இரவு உணவு 50 ரிங்கிட், 6 சதவீதம். மொத்த பில்லில் 10 ரிங்கிட் தள்ளுபடி. அதை முழுதும் அறைகளில் கழித்தால் வரி 10.20. உணவில் கழித்தால் 10.40. வரி போட்ட பிறகு கழித்தால் 11.00. நியாயமாகத் தெரிவது, தொகைகளின் விகிதப்படி பிரிப்பது. ஆனால் பத்தை மூன்றாகப் பிரித்தால் 3.33, 3.33, 3.33, ஒரு சென் எங்கே போனது? மீந்ததை யாருக்குத் தருவது என்றும் விதி வேண்டும். வெட்டுப்பட்ட பின்னம் பெரிதாக உள்ள வரிசைக்கு, சமமானால் முதலில் வரும் வரிசைக்கு என்று வைப்போம். முதல் அறை 46.66, மற்ற இரண்டும் 46.67. இரு அறைகளையும் கூட்டிவிட்டுப் போட்டால் அறை வரி 7.47, உணவு வரி 2.80, ஆக 10.27. பில் 150.27, ரொக்கமாக 150.25.

இங்கேதான் பூஜ்ய வரிசை உள்ளே நுழைகிறது. கேட்டுவிட்டு ரத்து செய்த உணவு, அளவு 0 என்று பில்லிலேயே நிற்கும். அது பட்டியலின் தலையில் இருந்து, நிரலும் பின்னத்தைப் பார்க்காமல் மீந்த சென்னை முதல் வரிசைக்கே கொடுத்துவிட்டால், ரத்தான உணவின் விலை மைனஸ் ஒரு சென் ஆகிவிடும்.

```python
def test_zero_line_gets_no_leftover_sen():
    amounts = [D("0.00"), D("50.00"), D("50.00"), D("50.00")]
    shares = split_discount(D("10.00"), amounts)
    assert shares == [D("0.00"), D("3.34"), D("3.33"), D("3.33")]
```

எல்லா வரிசையும் பூஜ்யமான பில்லுக்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். விகிதம் காணப் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் நிரல் அங்கேயே விழும். பொருளுக்கு 2 ரிங்கிட் கழிவு என்ற சலுகையை அளவால் பெருக்காமல் அப்படியே கழிக்கும் நிரல், பூஜ்ய வரிசையை மைனஸ் 2.00 ஆக்கி, அதற்கு மைனஸ் வரியும் போடும்.

இந்த டெஸ்டுகளிலும் நழுவிப்போவது ஒன்று உண்டு. `D("-0.10") * 0` என்பதன் விடை `-0.00`. அதை `== 0` என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும், டெஸ்ட் தேறிவிடும். அச்சான பில்லில் மட்டும் தள்ளுபடிக்கு எதிரே -0.00 என்று நிற்கும். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் இது அகப்படாது, அச்சுக்குப் போகும் எழுத்தையே எடுத்து "0.00" என்ற எழுத்தோடு ஒப்பிட வேண்டும்.