உள்ளே வரலாமா? ‘மே’, ‘கேன்’, ‘குட்’ படுத்தும் பாடு

ஒன்பது மணி மணியடித்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. வகுப்பறை வாசலில் பையோடு ஒரு சிறுவன் நிற்கிறான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு, ராகம் போட்டு, ஒரே மூச்சில் சொல்கிறான்: “மே ஐ கம் இன், மிஸ்ஸ்ஸ்?”

தமிழ்நாட்டில் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரியாத குழந்தைக்குக்கூட இந்த வாக்கியம் தெரியும். அதன் பொருளைப் பிரித்துச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. வாசலில் நின்றால் இப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘மே’ என்றால் மரியாதை என்ற கணக்கு அங்கேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. இருபது வருடம் கழித்து அந்தக் கணக்குதான் அலுவலகத்தில் காலை வாருகிறது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் இங்கிலாந்தில் உள்ள பையருக்கு முதல் மெயில் எழுதுகிறார். மூன்றே வரி. “மே யூ ப்ளீஸ் சென்ட் த சைஸ் சார்ட்?” என்பது முதல் வரி. “ஷால் ஐ டேக் லீவ் ஃப்ரம் த ஃப்ரைடே கால்?” என்பது இரண்டாவது, வெள்ளிக்கிழமை ஃபோன் கூட்டத்துக்குத் தன்னால் வர இயலாது, விட்டுவிடலாமா என்று கேட்கிறார். மூன்றாவது வரி, பையர் முன்பு கேட்டிருந்த ஒன்றுக்குப் பதில். லேபிளின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று பையர் “குட் வீ” போட்டுக் கேட்டிருந்தார். இவர் அதே சொல்லைத் திருப்பிப் போட்டு, “எஸ், யூ குட்” என்று எழுதிவிட்டார். மூன்று வரியிலும் பணிவுக்குக் குறைவில்லை. ஆனாலும் மூன்றும் இடறுகின்றன.

முதல் வரியைப் பார்ப்போம். சைஸ் சார்ட்டை அனுப்பப்போவது யார்? பையர். ‘மே’ போட்டுக் கேட்கும் கேள்வி, கேட்பவர் தான் செய்யப்போகும் காரியத்துக்கு அனுமதி கேட்கும் கேள்வி. உள்ளே வரப்போவது சிறுவன், அதனால் “மே ஐ கம் இன்” சரி. எதிரே இருப்பவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் அங்கே அனுமதிக்கு இடமே இல்லை. அது உதவி கேட்பது. அதற்குரியவை ‘கேன் யூ’, ‘குட் யூ’, ‘வுட் யூ’ ஆகியவைதான். “மே யூ” என்று ஆங்கிலத்தில் தொடங்குவது பெரும்பாலும் வாழ்த்து. ‘மே யூ லிவ் லாங்’ என்றால் நீடூழி வாழ்க. ஆக, “மே யூ சென்ட்” என்பதைப் படிக்கும் பையரின் காதில் “தாங்கள் சைஸ் சார்ட் அனுப்புவீர்களாக!” என்பதுபோல ஏதோ ஒன்று ஒலிக்கும். கோபம் வராது, சிரிப்பு வரலாம்.

இரண்டாவது வரியின் சிக்கல் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, தமிழில் தொடங்குகிறது. ‘போகலாமா?’ என்ற ஒரே சொல்லை எத்தனை வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். முதலாளியிடம், “சார், நான் போகலாமா?” என்றால் அனுமதி. மனைவியிடம், “சினிமாவுக்குப் போகலாமா?” என்றால் யோசனை. இந்த இரண்டையும் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. அனுமதிக்கு ‘மே ஐ’, ‘கேன் ஐ’, ‘குட் ஐ’. யோசனைக்கு ‘ஷால் வீ’. தனியாக ‘ஷால் ஐ’ என்று கேட்டால், “உங்களுக்காக நான் இதைச் செய்யட்டுமா?” என்று பொருள்படும். ஜன்னலைச் சாத்தட்டுமா, டீ போடட்டுமா என்பது போல.

தமிழ் மனத்தில் ‘-லாமா’ என்று எழும் எல்லாவற்றுக்கும் ‘ஷால்’ போடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. “ஷால் ஐ கோ டு டாய்லெட், மிஸ்?” என்று கேட்கும் பிள்ளை, ஆங்கிலேயக் காதுக்கு, மிஸ்ஸுக்கு உபகாரமாகத் தான் போய்வரட்டுமா என்று கேட்கிறது. மெர்ச்சண்டைசரின் வரியும் அந்த ரகம்தான். அவர் எழுதியிருக்க வேண்டியது, “குட் ஐ மிஸ் த ஃப்ரைடே கால்?” ‘மே ஐ’ போட்டாலும் தவறில்லை, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

இங்கே ‘குட்’ என்பதை ‘குட் மார்னிங்’கில் வரும் குட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்று. இது ககரத்தை அழுத்திச் சொல்லும் குட், ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம். இதன் எழுத்துக்கூட்டலில் ‘எல்’ ஒன்று ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. ‘ஷுட்’, ‘வுட்’ இரண்டிலும் ‘எல்’ பிறப்பிலேயே உண்டு. அவை ‘ஷால்’, ‘வில்’ என்பவற்றின் பிள்ளைகள். ‘கேன்’ குடும்பத்தில் ‘எல்’ கிடையாது. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இதற்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

அதிருக்கட்டும். இப்போது கேட்கும் உதவிக்கு இறந்தகாலச் சொல் ஏன்? இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம், ஊரில் கடன் கேட்க வருபவரின் பேச்சைக் கவனித்தால் போதும். “அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்” என்பார். வந்து எதிரே நிற்கிறார், கேட்கவும் போகிறார். ஆனால் பேச்சு மட்டும் நடந்து முடிந்ததைச் சொல்வதுபோல இருக்கிறது. “கேட்கணும்னு நினைச்சேன்” என்பதும் அப்படியே. காலத்தில் ஓரடி பின்னால் தள்ளி வைத்தால், எதிரே இருப்பவர் மறுப்பதற்கு இடம் கிடைக்கிறது. ‘குட் யூ’ செய்வதும் இதைத்தான். “கேன் யூ சென்ட்” என்றால் அனுப்ப முடியுமா. “குட் யூ சென்ட்” என்றால் முடிந்தால் அனுப்புவீர்களா. பக்கத்து மேசை நண்பரிடம் ‘கேன் யூ’ போதும். முகம் பாராத பையருக்கு முதல் மெயிலில் ‘குட் யூ’ பொருந்தும்.

ஆனால் இந்தப் பின்வாங்கல் கேட்பவருக்கு மட்டுமே உரியது. கொடுப்பவர் பின்வாங்கக் கூடாது. மெர்ச்சண்டைசரின் மூன்றாவது வரி இடறுவது அங்கேதான். “குட் வீ சேஞ்ச்” என்று கேட்டவருக்கு “எஸ், யூ கேன்” என்பதே பதில். “யூ குட்” என்றால் “மாற்றலாம்தான்… ஆனால்” என்று இழுப்பதுபோல ஆகிவிடும். பையர் அந்த ‘ஆனால்’ என்ன என்று கேட்டு இன்னொரு மெயில் போடுவார், ஒரு நாள் போகும்.

‘கேன் ஐ’ என்று கேட்டால் மரியாதை இல்லையா? இந்தச் சண்டை ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே பழையது. அங்கே பள்ளிகளில் ஒரு நையாண்டி உண்டு. பிள்ளை “கேன் ஐ கோ டு த டாய்லெட்?” என்று கேட்டால், “ஐ டோன்ட் நோ, கேன் யூ?” என்பார் ஆசிரியர். உன்னால் முடியுமா என்று எனக்கெப்படித் தெரியும் என்று பொருள். ‘கேன்’ என்பது திறனுக்கு, ‘மே’ என்பது அனுமதிக்கு என்பது அவர் வாதம்.

சொல்லின் வரலாற்றைத் தோண்டினால் வாதம் ஆட்டம் காண்கிறது. ‘கேன்’ பழைய ஆங்கிலத்தில் ‘அறிதல்’ என்ற பொருளில் இருந்தது. நாம் ‘நீந்தத் தெரியும்’ என்று சொல்லும்போது அறிவும் திறனும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, அங்கே அறிவு திறனாக மாறியது. ‘மே’ என்ற சொல்லின் பழைய பொருளோ வலிமை, இயலுதல். வல்லமை என்று பொருள்படும் ‘மைட்’ அதன் உறவுக்காரச் சொல்தான். திறனிலிருந்து அனுமதிக்கு ‘மே’ முன்பே நகர்ந்துவிட்டது. அதே பாதையில் ‘கேன்’ பின்னால் வந்தது, 19-ஆம் நூற்றாண்டில் நன்றாகவே அங்கே குடியேறிவிட்டது. முன்னால் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தவர், அடுத்த நிறுத்தத்தில் ஏறுபவரைப் பார்த்து இது உன் இடமில்லை என்பதுபோலத்தான் அந்த ஆசிரியரின் நையாண்டி. இன்றைய பேச்சில் “கேன் ஐ” எங்கும் ஒலிக்கிறது. ‘மே ஐ’ நேர்முகத் தேர்விலும் முறையான கடிதத்திலும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும்போதும் நிமிர்ந்து நிற்கிறது.

ஒரு விசித்திரம். கேட்கும்போது தலை குனியும் ‘மே’, கொடுக்கும்போது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடும். “யூ மே கோ” என்று சக ஊழியரிடம் சொன்னால், அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டு “நீங்க போகலாம்” என்பதுபோல விழும். எனவே “மே ஐ” என்று கேட்டவருக்கும் “ஆஃப் கோர்ஸ்” என்றோ “ப்ளீஸ் டூ” என்றோ சொல்லிவிடுவதே நல்லது.

மெயில் திருத்தி அனுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பையரின் பதில் வருகிறது, சைஸ் சார்ட் இணைப்பில் இருக்கிறது, கீழே ஒரு வரி: “த பட்டன்ஸ் மே நாட் பீ சேஞ்ச்ட்.” மெர்ச்சண்டைசர் இதைப் படிக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ‘மழை வரலாம்’ என்பதில் இருக்கும் ‘-லாம்’ போலவே ‘மே’ என்பதும் அனுமதியோடு ‘நடந்தாலும் நடக்கும்’ என்ற பொருளையும் சுமக்கிறது. இந்த இரண்டும் எதிர்மறையாகும்போது தமிழ் அவற்றைத் தெளிவாகப் பிரித்துவிடும்: அனுமதி இல்லை என்றால் ‘மாற்றக் கூடாது’, நடக்காமலும் போகலாம் என்றால் ‘மாற்றாமல் இருக்கலாம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘மே நாட்’ என்ற ஒரே உடைதான். பட்டன் ஒருவேளை மாறாமல் இருக்கும் என்று நம் ஆள் படித்துக்கொண்டு, கையில் இருக்கும் மலிவான பட்டனை வைத்துச் சாம்பிள் தைக்கச் சொல்லிவிட்டால் சாம்பிள் அப்படியே திரும்பி வரும். பையர் எழுதியது கூடாது என்று. சந்தேகம் வந்த இடத்தில் “குட் யூ கன்ஃபர்ம்” என்று ஒரு வரி போட்டுக் கேட்டிருந்தால், அடுத்த மெயிலில் “நோ, யூ கான்ட் சேஞ்ச் தெம்” என்று வந்திருக்கும். அதில் இரண்டாவது பொருள் ஒளிந்துகொள்ள இடமில்லை.