கூரையை ஒட்டி ஓடும் காற்று

பெரிய அரங்கில் ஏசி காற்று கடைசி வரிசை வரை போகுமா? கட்டுவதற்கு முன்பே கணினியில் பார்த்துவிடலாம். அரங்கின் வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

அதே மென்பொருளை முதலில் ஓர் எளிய சோதனையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. டென்மார்க்கின் பீட்டர் நீல்சன் 1990இல் தந்த சோதனை அறை இதற்குப் பெயர் பெற்றது: நீளம் 9 மீட்டர், உயரம் 3 மீட்டர். கூரையை ஒட்டிய 16.8 சென்டிமீட்டர் பிளவு வழியே காற்று நொடிக்கு 0.455 மீட்டர் வேகத்தில் நுழைகிறது. கட்டங்களும் அந்தப் பிளவளவு பெரிதாக இருந்தால், கணக்கில் காற்றுத்தாரை சீக்கிரமே கரைந்துவிடும். பிளவுக்குள் பத்துக் கட்டமாவது வேண்டும். பிறகு கட்டங்களை இன்னும் பொடியாக்கியும் விடை மாறவில்லையா என்று பார்க்க வேண்டும்.

எல்லை நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிஜ அரங்கின் கிரில்லில் பாதிதான் திறப்பு என்றால், உள்ளே வரும் காற்றின் வேகம் இரு மடங்கு. முழுப் பரப்பையும் திறப்பாகக் கொடுத்தால் காற்றின் அளவு சரியாக வரும். உந்தம் பாதியாகிவிடும், தாரை பாதி வழியில் சோர்ந்துபோகும்.

நீல்சன் அறையில் லேசர் கருவியால் அளந்த வேகங்கள் இருக்கின்றன. வழக்கமான கே-எப்சிலான் மாதிரி கூரைத் தாரையை நன்றாகவே பிடிக்கிறது. எதிர்ச்சுவரின் மேல் மூலையில் சுழலும் சிறு சுழலைத்தான் அது பெரும்பாலும் கோட்டைவிடுகிறது.