கார்டை அழிக்கும் முன்

பிலிம் காலத்தில் எடிட்டர் நெகட்டிவைத் தொடமாட்டார். கேமராவில் ஓடிய நெகட்டிவ் சென்னையில் ஜெமினி, பிரசாத் போன்ற லேப்களில் கழுவப்பட்டு அங்கேயே பத்திரமாக இருக்கும். அதிலிருந்து போட்ட ரஷ் பிரின்ட்தான் எடிட்டிங் அறைக்கு வரும். அதில் கீறல் விழலாம், கிழியலாம், ஒட்டிய இடம் பிரிந்து போகலாம். லேபுக்குச் சொன்னால் இன்னொரு பிரின்ட் வரும். எடிட் முழுவதும் முடிந்து உறுதியான பிறகுதான் நெகட்டிவில் கத்தரி பட்டது.

இன்று அந்த நெகட்டிவின் இடத்தில் இருப்பது மெமரி கார்டு. அதை மறுநாள் காலையிலேயே நாமே ஃபார்மட் செய்து, அடுத்த நாள் ஷூட்டிங்கை அதிலேயே எடுக்கிறோம். ஆக, கார்டை அழிக்கும் அந்தக் கணத்தில் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான் இனி நெகட்டிவ். நீண்ட எடிட்டில் தொலைந்துபோகும் காட்சிகளில் பல, எடிட் தொடங்குவதற்கு முன்பே, இந்த இடத்தில்தான் தொலைகின்றன.

தூத்துக்குடி மாவட்டத்துப் பனையேறிகளைப் பற்றி நாங்கள் எடுத்த ஆவணப்படத்தை வைத்தே சொல்கிறேன். இரண்டு பதநீர்ப் பருவங்கள் படம்பிடித்தோம். கையில் சேர்ந்தது 60 மணி நேரக் காட்சி. எடிட் 14 மாதம் நீண்டது. படத்தின் உயிராக இருந்த முதிய பனையேறி, இரண்டாம் பருவம் வருவதற்குள் காலமாகிவிட்டார். மரத்திலிருந்து இறங்கி வந்து, பாளையைச் சீவுவது பற்றி அவர் பேசிய 40 நிமிடம் எங்கள் டிஸ்க்கைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

எங்கள் கேமரா 4கே காட்சியை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், இது விநாடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிகாபைட். 60 மணி நேரத்துக்கு 2.7 டெராபைட். ஒரு 4 டெராபைட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். இந்தக் கணக்கை ஷூட்டிங்குக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வாங்க வேண்டியது ஒரு டிஸ்க் அல்ல, மூன்று.

படப்பிடிப்பு இரவுகளில் எங்களுக்கு நேரவிருந்த பெரிய விபத்து, கோப்பின் பெயரால் வந்தது. கேமரா ஒவ்வொரு ஷாட்டுக்கும் C0001.MP4, C0002.MP4 என்று வரிசையாகப் பெயர் வைக்கிறது. எங்கள் கேமரா இருந்த அமைப்பில், கார்டை ஃபார்மட் செய்ததும் எண்ணிக்கை மறுபடி C0001-லிருந்து தொடங்கியது. நேற்றைய C0001 ஒன்று, இன்றைய C0001 வேறொன்று. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் விண்டோஸ் "Replace the files in the destination" என்று கேட்கும். நள்ளிரவில், அரைத் தூக்கத்தில் அதை ஒருவர் அமுக்கினால் நேற்று முழுதும் எடுத்தது போச்சு. இரண்டு கேமரா இருந்தால் ஆபத்தும் இரண்டு மடங்கு.

அதனால் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டோம். தேதி, கேமரா, கார்டு எண் மூன்றும் அதன் பெயரில் இருக்கும். கார்டில் உள்ளதை அப்படியே, PRIVATE என்ற மேல் ஃபோல்டரிலிருந்து முழுவதுமாக எடுத்தோம். வீடியோவை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். ஒவ்வொரு வீடியோவுடனும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. நேரக்குறியீடு போன்ற விவரங்கள் அதில் கிடக்கின்றன. எடிட்டிங் மென்பொருள் பின்னால் அதைத் தேடலாம்.

அடுத்தது சரிபார்ப்பு. எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி என்று இரண்டு பக்கமும் பார்த்து, ஒத்துப்போனால் கார்டை அழிப்பதுதான் பரவலான வழக்கம். அது போதாது. விண்டோஸ் ஒரு கோப்பை நகலெடுக்கத் தொடங்கும்போதே அதற்கு வேண்டிய முழு இடத்தையும் ஒதுக்கிவிடுவது உண்டு. நடுவில் கேபிள் ஆடினாலும் மின்சாரம் போனாலும் அளவு சரியாகத் தெரியும், உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி செக்சம். கோப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் படித்து, கணக்குப் போட்டு, ஒரு நீண்ட எண்ணை உண்டாக்குவது அது. கார்டில் உள்ள கோப்புக்கும் டிஸ்க்கில் உள்ள நகலுக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்று. ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் வேறாகிவிடும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே, மீடியா பக்கத்தில் குளோன் டூல் என்ற வசதி இருக்கிறது. கார்டை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளுக்கு எடுத்து, செக்சமும் பார்த்துவிடும். விண்டோஸில் டெராகாப்பியும் செக்சம் பார்த்து நகலெடுக்கும்.

இரண்டு நகல்களும் கார்டிலிருந்தே போக வேண்டும். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்கு எடுத்தால், முதலில் விழுந்த பிழையும் சேர்ந்தே போகும்.

எங்களிடம் இருந்த மூன்று டிஸ்க்குகளுக்கும் மூன்று வேலை. ஒன்று எடிட் மேசையில் நாள் முழுவதும் ஓடும். இரண்டாவது அலமாரியில், கேபிள் கழற்றி இருக்கும். மூன்றாவது மதுரையில் என் அக்கா வீட்டில். அலமாரியில் உள்ளதைக் கழற்றி வைப்பதற்குக் காரணம் உண்டு. கிராக் செய்த பிளக்-இன் வழியாக ரான்சம்வேர் புகுந்தால், அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையெல்லாம் பூட்டிவிடும். ஒரு ஃபோல்டரில் மாறுவதை உடனுக்குடன் இன்னொன்றிலும் மாற்றும் சிங்க் ஏற்பாட்டையும் பேக்கப் என்று எண்ண வேண்டாம். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். மதுரைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்கள் எப்படி இருந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற இந்த முறையை அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பினார். எங்களிடம் இருந்தவை மூன்றும் ஹார்ட் டிஸ்க்குகளே. ஆகவே நடுவில் உள்ள நிபந்தனையை நாங்கள் நிறைவேற்றவில்லை. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல், வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்கியதோடு சரி.

ஃபுட்டேஜ் ஒருமுறை வந்தால் மாறாதது. எடிட் செய்த ப்ராஜெக்ட் அப்படி இல்லை, அது தினமும் மாறும். 2.7 டெராபைட்டுக்கு எதிரே சில மெகாபைட்தான் அது, ஆனால் 14 மாத உழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. எந்த ஷாட்டை எங்கே வெட்டினோம், எதற்குப் பின் எதை வைத்தோம் என்ற அவ்வளவும் அதில்தான். இதில் ரிசால்வ் பயன்படுத்துகிறவர்கள் பலர் ஏமாறுவார்கள். அதில் ப்ராஜெக்ட் என்பது ஃபுட்டேஜ் பக்கத்தில் கிடக்கும் தனிக் கோப்பு அல்ல. மென்பொருளின் சொந்த லைப்ரரிக்குள், வழக்கமாகக் கணினியின் உள் டிஸ்க்கில் இருக்கும். வெளி டிஸ்க் முழுவதையும் கவனமாக நகலெடுத்தவர் கையில் எடிட்டின் ஒரு துளிகூட இருக்காது. லைவ் சேவ் என்ற வசதியை நம்பியும் பயனில்லை. நீங்கள் செய்த தவறையும் அது அந்தக் கணமே சேமித்துவிடும். பழைய நிலைகளைத் தனித்தனியாக வைத்திருப்பது ப்ராஜெக்ட் பேக்கப்ஸ் என்ற வேறு அமைப்பு. அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நகல்களும் அதே கணினியில் இருந்தால், கணினி போகும்போது சேர்ந்தே போகும்.

ஆகவே ஒவ்வொரு நாள் இரவும் எழுந்திருக்கும் முன் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து, Panai_2024-03-14.drp என்பதுபோலத் தேதியிட்டு வைத்தோம். பழையதன்மேல் எழுதவில்லை. சில மெகாபைட்தானே, எனக்கு நானே மின்னஞ்சலிலும் அனுப்பிக்கொண்டேன். பிராக்ஸி, கேஷ் கோப்புகளை மட்டும் விட்டுவிட்டோம். அவற்றை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

பதினொன்றாம் மாதம், ஒரு காலை, டைம்லைன் முழுவதும் சிவந்து "Media Offline" என்று நின்றது. முந்தின இரவு மின்சாரம் போய் வந்திருந்தது. எடிட் டிஸ்க் exFAT முறையில் ஃபார்மட் செய்யப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையே அந்த முறையில் குலைந்து போகலாம். டிஸ்க்கைக் கழற்றி மாட்டினோம். "அண்ணே, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது" என்றான் உதவியாளன். "எதையும் அமுக்காதே தம்பி, கேன்சல் குடு" என்றேன்.

அலமாரி டிஸ்க்கை மாட்டி உடனே எடிட்டைத் தொடரத்தான் கை துடித்தது. அந்த ஊரில் மீதமிருந்த ஒரே நகல் அது. அதன்மேலேயே வேலை செய்தால் பேக்கப் என்று ஒன்று இல்லாமல் போய்விடும். அதனால் அன்று எடிட் செய்யவில்லை. புது டிஸ்க் வாங்கி வந்து, அலமாரியில் இருந்ததை அதற்கு முழுதாக எடுத்து, செக்சமும் பார்த்தோம். விநாடிக்கு 120 மெகாபைட் என்றால் கணக்குப்படி 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் ஹார்ட் டிஸ்க் நிறைய நிறைய, தட்டின் உள்வட்டத்துக்குப் போகும்போது வேகம் குறையும். நகல் முடியவே 8 மணி நேரம் ஆயிற்று, சரிபார்ப்பு இரவு முழுக்க ஓடியது. மறுநாள் புது டிஸ்க்குக்குப் பழைய டிஸ்க்கின் அதே E: எழுத்தைக் கொடுத்ததும், ரிசால்வ் எல்லா ஷாட்டையும் தானே கண்டுகொண்டது.

முதியவர் பேசிய 40 நிமிடமும் இருந்தது. போனது வேறு. காற்றில் உரசும் பனையோலைச் சத்தத்தை ஒரு மாலை தனியாகப் பதிவு செய்து, அவசரத்தில் தாய் ஃபோல்டருக்கு வெளியே போட்டிருந்தேன். அது எந்த நகலிலும் இல்லை. இரண்டு இடங்களில் டைம்லைன் சிவப்பாகவே நின்றது.

பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் கைவிடப்பட்டவர்களில் பெரிய ஸ்டுடியோக்களும் உண்டு. 1998-இல் பிக்சாரில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்தபோது, யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி சர்வரிலிருந்து மறைந்தது. பேக்கப்பைத் திறந்தார்கள். அது பல நாட்களாகச் சரியாக வேலை செய்யாமலேயே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்ததால் படம் பிழைத்தது.

எங்கள் விபத்துக்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்கினோம். அலமாரி டிஸ்க்கையும் கடைசி .drp கோப்பையும் நண்பரின் கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்து, டைம்லைனைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்ப்போம். சிவப்பாக நிற்கும் ஷாட் எதுவோ அதன் மூலக் கோப்பு பேக்கப்பில் இல்லை என்று பொருள். முதல் ஞாயிறு ஒன்பது கோப்புகள் அகப்பட்டன. பாடல் ஒன்று, வரைபடங்கள், தலைப்பு எழுத்துரு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து நேரே இழுத்துப் போட்ட படங்கள். உங்கள் மேசையிலும் பல மாதமாக ஓடும் எடிட் ஒன்று இருந்தால், அடுத்த கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன், இந்த ஒரு சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள்.