இருமுறை வரவான சம்பளம்

கல்யாண் கிளையில் எம் மேசைக்கு முன் அமர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், ஒரே மாதச் சம்பளம் இருமுறை வரவாகியிருப்பதைப் பாஸ்புத்தகத்தில் காட்டினார். அவருடைய நிறுவனம் சம்பளப் பட்டியலைத் தவறுதலாக இருமுறை அனுப்பியிருந்தது. உபரித் தொகையில் பாதி மகளின் பள்ளிக் கட்டணத்திற்குச் சென்றுவிட்டது. அடுத்த மாதச் சம்பளம் முழுவதையும் நிறுத்திக்கொள்வதாக நிறுவனம் தெரிவித்திருந்தது. "அவர்கள் பிழைக்கு நான் ஏன் சார் பொறுப்பு?" என்றார்.

பொறுப்பு உண்டு என்பதே எமது விடை. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. எனவே 'என் கணக்கில் வந்தது என்னுடையது' என்ற வாதம் எடுபடாது. ஆனால் ஒரே மாதத்தில் முழுச் சம்பளத்தையும் பிடிக்க நிறுவனத்திற்கும் உரிமையில்லை. மிகைச் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய அனுமதித்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், மொத்தப் பிடித்தம் பொதுவாக ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்பாதி வரம்பு உண்டு.

அவர் கணக்கைப் பார்ப்போம். மாத ஊதியம் ரூ.22,000. வருங்கால வைப்பு நிதிக்கு ரூ.1,800, தொழில் வரிக்கு ரூ.200 போகக் கைக்கு வருவது ரூ.20,000. வரம்பு ரூ.11,000, அதில் ரூ.2,000 ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது. ஆகவே மாதம் ரூ.9,000 மட்டுமே மேலும் பிடிக்கலாம். ரூ.20,000 திரும்ப மூன்று மாதங்களாகும். மூன்றாம் மாதம் ரூ.2,000 பிடித்தால் போதும்.

பல்லாண்டுகளாகத் தவறான ஊதிய உயர்வு வழங்கி, பின்னர் மொத்தமாகக் கேட்பது வேறு வகை. அரசுப் பணியில் இது அடிக்கடி நேர்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மஸீஹுக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில வரம்புகளை வகுத்தது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமும், ஓய்வுபெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெறுபவரிடமும் வசூலிக்கலாகாது. ஐந்தாண்டுகளுக்கு மேல் நீடித்த மிகைத் தொகையையும் கேட்கலாகாது. ஆயினும் ஒரு காகிதம் இதை மாற்றிவிடும். மிகையாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்த ஒருவரிடம் வசூலிக்கலாம் என்று ஜக்தேவ் சிங் வழக்கில் 2016இல் அதே நீதிமன்றம் கூறியது. அதையும் தவணைகளிலேயே பெறச் சொன்னது. ஊதிய விருப்பப் படிவத்தில் கையொப்பமிடுவோர் அந்த வரியைப் படித்துவிடுவது நல்லது. பெரும்பாலோர் படிப்பதில்லை.

எம் வாடிக்கையாளர் எழுதிய கடிதம் சுருக்கமானது. மிகைத் தொகை வந்ததை ஒப்புக்கொண்டார். எம்மாதத்திற்கு எவ்வளவு என்ற கணக்கை எழுத்தில் கேட்டார். மேற்கண்ட மூன்று தவணைகளைக் குறிப்பிட்டு, பிடித்தம் ஒவ்வொன்றும் சம்பளச் சீட்டில் தனி வரியாக வர வேண்டும் என்றார். பிழை யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.