ஒன்றைக் கழிப்பது ஏன்?

பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரியைக் கண்டுபிடித்தது நினைவிருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, எத்தனை எண்களோ அத்தனையால் வகுத்தோம். கல்லூரிக்குப் போனதும் அதே கணக்கில் திடீரென்று ஒன்று குறைத்து வகுக்கச் சொல்கிறார்கள். பத்து அளவுகள் இருந்தால் ஒன்பதால் வகுக்க வேண்டுமாம். பலர் காரணம் கேட்காமலே மனப்பாடம் செய்து பரீட்சையைத் தாண்டிவிடுகிறார்கள். மூன்று துண்டுச் சீட்டுகள் இருந்தால் காரணத்தை நாமே பார்த்துவிடலாம்.

சீட்டுகளில் 0, 3, 6 என்று எழுதிக்கொள்வோம். நமக்கு இதுதான் முழுமைத்தொகுதி. சராசரி 3. விலக்கங்களின் வர்க்கங்கள் 9, 0, 9. கூட்டினால் 18, மூன்றால் வகுத்தால் 6. உண்மையான விலக்க வர்க்கச் சராசரி இந்த 6. எல்லாச் சீட்டும் கையில் இருப்பதால் இங்கே எதையும் கழிக்க வேண்டியதில்லை.

இப்போது இதையெல்லாம் அறியாத ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, இன்னொன்றை எடுக்கிறார். அந்த இரண்டு எண்களை வைத்து 6 என்ற விடையை அவர் ஊகிக்க வேண்டும். ஒன்பது விதமாகச் சீட்டு வரலாம். மூன்று முறை ஒரே எண் இரண்டு தடவை வரும். அப்போது விலக்கமே இல்லை, வர்க்கக் கூட்டல் 0. நான்கு முறை, எண்களுக்கு இடையே 3 வித்தியாசம் இருக்கும். அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டும் ஒன்றரை தள்ளி நிற்பதால் கூட்டல் 4.5. மீதி இரண்டு முறை 0-வும் 6-ம் சேர்ந்து வரும், கூட்டல் 18.

ஒன்பதையும் சேர்த்தால் 54. ஆக, ஒரு மாதிரிக்குச் சராசரியாக 6. அதை இரண்டால் வகுப்பவருக்குக் கிடைப்பது 3, உண்மையில் பாதிதான். ஒன்றால் வகுப்பவருக்குச் சரியாக 6.

குறைவு எங்கிருந்து வந்தது? சீட்டு எடுத்தவருக்கு உண்மைச் சராசரி 3 என்பது தெரியாது. தன் கையிலுள்ள இரண்டு எண்களின் சராசரியை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறார். 0, 0 என்று வந்தால் அவருடைய சராசரியும் 0. இரண்டு எண்களும் உண்மையில் மூன்று தள்ளி இருப்பதை அவரால் பார்க்கவே முடியாது. எந்த எண் கூட்டத்துக்கும், அதன் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கும்போதுதான் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக வரும். உண்மைச் சராசரி வேறிடத்தில் இருந்தால் அங்கிருந்து அளக்கும் கூட்டல் கட்டாயம் அதைவிடப் பெரிது. ஆகவே தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. மாதிரியின் அளவு n என்றால், n-ஆல் வகுப்பவருக்கு உண்மையில் n-இல் ஒரு பங்கு சராசரியாகக் குறையும். n − 1 ஆல் வகுப்பது அந்தப் பங்கைத் துல்லியமாக ஈடுகட்டுகிறது. உண்மைச் சராசரி 3 என்று யாராவது சொல்லிவிட்டால், அதிலிருந்து அளந்து, தாராளமாக இரண்டாலேயே வகுக்கலாம்.

இதற்குப் பெஸ்ஸல் திருத்தம் என்று பெயர். சிறிய மாதிரிகளில்தான் இது உறைக்கும். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த வில்லியம் காஸெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரைக்காக, 3000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். நான்கு பேர் கொண்ட மாதிரியில் நான்கால் வகுத்தால் சராசரியாகக் கால் பங்கு குறையும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிறழ்ச்சியற்ற மதிப்பீடு என்பதும் இதுதான்: வரக்கூடிய எல்லா மாதிரிகளிலும் கிடைக்கும் விடைகளின் சராசரி, உண்மையோடு ஒத்துப்போவது. தனி ஒரு விடை சரியாக இருக்கும் என்று அது உறுதி சொல்லவில்லை. நம் சீட்டு விளையாட்டில் கிடைக்கும் விடைகள் 0, 4.5, 18 மட்டுமே. 6 ஒருமுறைகூட வராது. இன்னும் வேடிக்கை, விடை ஒவ்வொன்றும் 6-இலிருந்து விலகும் தூரத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால், ஒன்றால் வகுப்பவருக்கு 45 வருகிறது, இரண்டால் வகுப்பவருக்கு 20.25. பிறழ்ச்சி உள்ளவர்தான் மொத்தத்தில் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்! எனவே பிறழ்ச்சியின்மையை ஒரே அளவுகோலாக வைத்துக்கொள்வது எனக்கு உவப்பில்லை.

வர்க்கமூலம் எடுத்துத் திட்ட விலக்கமாக்கினால் அந்தப் பிறழ்ச்சியின்மையும் போய்விடுகிறது. ஒன்பது விடைகளின் வர்க்கமூலங்களுக்குச் சராசரி சுமார் 1.89, உண்மையில் வர வேண்டியது 2.45. இதைக் கவனிக்காமல், n − 1 போட்டதால் திட்ட விலக்கமும் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

எக்செலில் VAR.S ஒன்று குறைத்து வகுக்கும், VAR.P முழு எண்ணிக்கையால் வகுக்கும். ஒரு வகுப்பின் 40 மாணவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள், எல்லா மதிப்பெண்ணும் கையில் இருக்கிறது என்றால் VAR.P. அந்த 40 பேரை வைத்து மாவட்டம் முழுவதையும் ஊகிக்கிறீர்கள் என்றால் VAR.S. ஆனால் அந்த 40 பேரும் மாவட்டத்தின் சிறந்த பள்ளியிலிருந்தே பொறுக்கப்பட்டவர்கள் என்றால், ஒன்றைக் கழித்தாலும் பயனில்லை.