சூடான கிரைண்டர் காபியைக் கெடுக்குமா?

வேகமாகச் சுற்றும் கிரைண்டர் காபியைக் கருக்கிவிடும் என்று ஒரு பேச்சு எஸ்பிரஸோ கடைகளில் நெடுநாளாக உண்டு. கிரைண்டருக்குள் பல் வெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகள் இருக்கும்; பர் என்பார்கள். மோட்டாரோடு நேரடியாக இணைந்த தட்டை பர் நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுற்றும். பெரிய கூம்பு பர் பலவும் அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். கூட்ட நேரத்தில் ஓயாமல் அரைத்தால் இரண்டுமே சூடாகும். வேகமான தட்டை பர் சீக்கிரம் சூடாகும். மழுங்கிய பர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கருகல் என்பதை நான் நம்பவில்லை. அந்தக் கொட்டை வறுபட்டபோதே 200 டிகிரியைப் பார்த்துவிட்டது. அரைத்த சில நொடிகளில் 90 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் நனையப் போகிறது. இடையில் 50 டிகிரி சூட்டில் ஒரு பர் புதிதாக எதைக் கருக்கும்? வாசனை கொஞ்சம் முன்னதாகவே பறக்கும், அவ்வளவுதான். நம்மூர்க் காபித்தூள் கடையில் சூடு ஆறாமல் பொட்டலம் கட்டி, வீட்டில் ஒரு வாரம் வைத்திருக்கும் தூளுக்குத்தான் அது பெரிய இழப்பு.

கடைக்காரருக்கு வரும் தொல்லை வேறு: தூளின் பருமன் மாறிவிடுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் காபிக் கடை நடத்திய மேக்ஸ்வெல் கொலோனா-டாஷ்வுட், வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டன் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த கொட்டை நுண்ணியதாகவும் சீராகவும் பொடிந்தது. சூடேறிய கொட்டை அப்படிப் பொடியாது. இன்னொரு பக்கம், எஃகும் விரிகிறது. 5 செ.மீ. நீள எஃகு 40 டிகிரி சூடேறினால் 0.02 மி.மீ. அளவுக்கு நீளும். பர்களின் இடைவெளியை மாற்ற அது போதும். இவ்விரண்டில் எது மிஞ்சும் என்பது கிரைண்டரின் அமைப்பைப் பொறுத்தது.

ஓர் உதாரணம். காலையில் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி 28 நொடியில் இறங்குகிறது. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது அதே அளவு 22 நொடியில் ஓடிவிடுகிறது. காபி புளித்து, நீர்த்துப்போகிறது. ஊழியர் பர்ரை நெருக்குகிறார், சரியாகிறது. மதியம் கடை ஓய்ந்து கிரைண்டர் ஆறியதும் காபி 35 நொடிக்கு மேல் சொட்டுகிறது, கசக்கிறது. கருகல் என்று பழி சுமப்பது பெரும்பாலும் இந்தக் கசப்புதான் என்பது என் கணிப்பு.

அதனால்தான் மித்தோஸ் ஒன் என்ற இத்தாலிய கிரைண்டர் பர் அறையைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை. அதில் விசிறியோடு சூடேற்றியும் உண்டு. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சூட்டில் வைத்திருப்பதே நோக்கம்.

அந்த வசதி இல்லாத கடையில் தராசும் நொடிக் கடிகாரமும் போதும். நேரம் 3, 4 நொடி நகர்ந்தால் முதலில் தூளை எடை போடுங்கள், எடையும் மாறியிருக்கலாம். எடை சரியென்றால் மட்டும் பர்ரைச் சிறிது திருப்பி, உள்ளே தங்கிய பழைய தூளை அரைத்து வெளியேற்றிவிட்டு அடுத்த காபியைப் போடுங்கள். கூட்டம் ஓய்ந்ததும் மறக்காமல் திரும்பவும் நேரம் பாருங்கள்.